குடும்பப் படம் கலரிங் ஷீட்டாக மாட்டேன் என்கிறதா? கோளாறு வாரியாகத் தீர்வுகள்

மதுரை தெப்பக்குளம் பக்கம் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்தநாள், காதுகுத்து என்று வீட்டில் விசேஷம் வந்தால், வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க குடும்பப் படத்தையே கலரிங் ஷீட்டாக அடித்துத் தரச் சொல்லி வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டிலேயே முயன்று பார்த்து, எங்கோ சிக்கிக்கொண்டு, பென் டிரைவோடு வருபவர்கள். அவர்கள் கொண்டுவரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே நாலைந்துதான்.

விளக்குவதற்கு ஒரே படத்தைப் பிடித்துக்கொள்வோம். திருமலை நாயக்கர் மஹாலில் தூண் ஓரமாக நின்று எடுத்தது. சுங்குடிச் சேலையில் அப்பத்தா, கட்டம் போட்ட சட்டையில் அப்பா, பட்டுச் சேலையில் அம்மா, இடுப்பில் கைக்குழந்தை, முன்னால் நாலு வயதுப் பையன். பின்னால் வெயில் விழும் முற்றம். கலரிங் ஷீட்டுக்கு இதைவிடச் சிக்கலான படம் அமையாது. எல்லாக் கோளாறும் இதிலேயே வந்துவிடும்.

கணினியில் படத்தைத் திருத்த GIMP, கோடு வரைய Inkscape என்ற இரண்டு மென்பொருளும் இருந்தால் போதும், இரண்டும் இலவசம். கணினி இல்லாதவர்களுக்கு பட்டர் பேப்பரும் மார்க்கரும் போதும். அதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## கோளாறு 1: பக்கம் முழுக்கக் கரும்புள்ளியும் கீறலுமாக இருக்கிறது

படத்தைக் கோடாக மாற்றும் எந்த ஃபில்டரும் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில் கோடு போடும். அது அப்பத்தாவின் கன்னமா, சேலையில் இருக்கும் புள்ளியா என்று அதற்குத் தெரியாது. சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வெளிச்ச எல்லை. ஆகவே முகத்துக்கு நாலு கோடு விழுந்தால் சேலைக்கு நூறு கோடு விழும்.

படமே கெட்டுப்போயிருக்கிறதா? முதலில் இதைப் பாருங்கள், செலவில்லாத சோதனை. படத்தை நன்றாகப் பெரிதாக்கி, முகத்தின் ஓரத்தையும் காதுப் பக்கத்தையும் பாருங்கள். சின்னச் சின்னச் சதுரங்களாக, அழுக்குப் படிந்த மாதிரி தெரிந்தால் அது வாட்ஸ்ஆப்பில் பல கை மாறி வந்த படம். அந்தச் சதுரங்களுக்கும் ஃபில்டர் கோடு போட்டுவிடும். எடுத்தவரிடமே திரும்பக் கேளுங்கள். படமாக அனுப்பாமல் Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வந்தால் சுருங்காமல் வரும்.

படம் நன்றாக இருந்தும் புள்ளி போகவில்லையா? GIMP-இல் Colors > Desaturate போய் நிறத்தை எடுத்துவிடுங்கள். பிறகு Filters > Blur > Selective Gaussian Blur. இது ஓரங்களை ஓரளவு விட்டுவிட்டு நடுவில் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகளை மட்டும் மழுப்பும். அதற்குப் பிறகு Filters > Edge-Detect > Difference of Gaussians கொடுத்து, கடைசியாக Colors > Threshold. இது படத்தை வெறும் கறுப்பு, வெள்ளையாகப் பிரிக்கும். அதில் வரும் அம்பை மெதுவாக நகர்த்தும்போது இரண்டு இடத்தைச் சேர்த்துப் பாருங்கள்: ஒரு கண் சேலையில், ஒரு கண் அம்மாவின் தாடையில். சேலைப் புள்ளிகள் மறைந்து தாடைக்கோடு நிற்கிற இடம் ஒன்று இருந்தால் அங்கே நிறுத்துங்கள். கறுப்பில் வெள்ளைக் கோடாக வந்திருந்தால் Colors > Invert கொடுங்கள், வேலை முடிந்தது. புள்ளிகள் இருக்கும்போதே தாடைக்கோடு மறையத் தொடங்கினால் அந்தப் படத்துக்கு ஃபில்டர் ஒத்துவராது. அதற்கு மேல் அம்பை ஆட்டிக்கொண்டிருப்பது நேரத்துக்குக் கேடு. நம் மஹால் படம் இங்கேதான் நிற்கும்.

அப்படியானால் கையால் தடம் பிடிக்க வேண்டும். இதைச் சொன்னவுடன் “எனக்கு வரைய வராதே” என்கிறார்கள். இதில் வரைவது எதுவும் இல்லை, இருப்பதன் மேல் ஓட்டுவதுதான்.

Inkscape-இல் A4 பக்கத்தைத் திறந்து படத்தை உள்ளே இழுத்துப் போடுங்கள். அது இருக்கும் லேயரின் Opacity-ஐப் பாதிக்குக் குறைத்து, லேயரைப் பூட்டிவிடுங்கள். மேலே புது லேயர். விசைப்பலகையில் B அழுத்தினால் பேனா வரும். வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு கிளிக், அங்கேயே விடாமல் இழுத்தால் வளைவு கிடைக்கும். எவ்வளவு குறைவாகக் கிளிக் செய்கிறீர்களோ அவ்வளவு கோடு வழுவழுப்பாக வரும். அடிக்கடி கிளிக் செய்து கோடு நடுங்கிப் போயிருந்தால், அதைத் தேர்ந்தெடுத்து Ctrl+L அழுத்துங்கள், நடுக்கம் குறையும். இரண்டு தடவைக்கு மேல் அழுத்தினால் மூக்கு இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

கணினி இல்லாதவர்கள் படத்தை A4-இல் வெளிறலாக ஒரு பிரிண்ட் எடுத்து, மேலே பட்டர் பேப்பரை செல்லோடேப்பால் ஒட்டி, முதலில் பென்சிலால் ஓட்டி, பிறகு மார்க்கரால் தடிமனாக்கலாம். பட்டர் பேப்பர் கிடைக்காவிட்டால் பகலில் ஜன்னல் கண்ணாடியில் பிரிண்டை வைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்து வரையுங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது பென்சில் அழுக்கு விழாமல் இருக்க மார்க்கர் காய்ந்த பிறகு ரப்பரால் அழித்துவிடுங்கள்.

எதை விடுவது என்பதுதான் உண்மையான வேலை. மஹால் படத்தில் நான் செய்தது இது. சுங்குடியில் இருந்த அத்தனை புள்ளிகளையும் விட்டுவிட்டு, முந்தியில் மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பெரிய வட்டங்கள் ஏழெட்டு. அது சுங்குடி என்று தெரிய அது போதும், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் அடிக்கும். பட்டுச் சேலை ஜரிகைக்கு இரண்டு கோடு, நடுவில் ஒன்றும் கிடையாது. அப்பா சட்டையில் கட்டத்தையே எடுத்துவிட்டேன். காலர், பொத்தான் வரிசை, பை மட்டும். பின்னால் இரண்டு தூண், மேலே ஒரு வளைவு. வளைவில் இருக்கும் சுதை வேலைப்பாடு முழுவதும் போய்விட்டது. மஹாலைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தூணின் பருமனே அடையாளம், ஆகவே தூணை ஒல்லியாக்காமல் இருந்தால் போதும்.

## கோளாறு 2: முகம் கரிக்கட்டையாக வருகிறது

மஹாலிலும் கோயில் பிராகாரத்திலும் எடுத்த படங்களில் இது சகஜம். ஆள் நிழலில், பின்னால் வெயில். Threshold வைத்தவுடன் முகம் முழுதும் இருட்டுப் பக்கம் போய்விடும்.

எளிய சரிபார்ப்பு: GIMP-இல் Colors > Shadows-Highlights திறந்து Shadows-ஐ மட்டும் ஏற்றுங்கள். கண், உதடு எங்கே இருக்கிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலே போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. இதன் மேல்தான் கையால் ஓட்டப் போகிறோம், படம் கடைசியில் தாளில் வரப்போவதில்லை.

ஏற்றியும் கண் தெரியவில்லை, வெறும் மண்நிறத் திட்டாக இருக்கிறது என்றால் அதில் எடுக்க ஒன்றும் இல்லை. அதே ஆள் ஏறக்குறைய அதே பக்கம் திரும்பி நிற்கும் இன்னொரு படத்தை எடுத்து, தலையை மட்டும் அளவு சரிசெய்து இந்த உடம்பின் மேல் வைத்து ஓட்டுங்கள். கோடாக வந்த பிறகு இரண்டு படம் என்று யாருக்கும் தெரியாது.

உச்சி வெயிலில் எடுத்த படத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை. மூக்கின் நிழல் உதடுவரை விழுந்து, ஃபில்டர் அதை மீசையாக்கிவிடும். நிழலின் ஓரத்தில் எங்கும் கோடு போடாதீர்கள். தோலின் ஓரம், முடியின் ஓரம், துணியின் ஓரம் இந்த மூன்றுக்குத்தான் கோடு.

## கோளாறு 3: முகம் தெரிகிறது, ஆனால் அம்மாவுக்கு வயதாகிவிட்டது

“தம்பி, இது எங்க அக்காவா, எங்க ஆச்சியா?” என்று ஒருவர் கடையிலேயே கேட்டார். கேட்டது நியாயம்தான். சிரிக்கும்போது மூக்கிலிருந்து வாய் ஓரம்வரை விழும் மடிப்பு படத்தில் மெல்லிய நிழலாக இருக்கும். அதையே இரண்டு மில்லிமீட்டர் கறுப்புக் கோடாக்கினால் இருபது வயது கூடிவிடும்.

கழிக்கும் வரிசை இப்படி. முதலில் சிரிப்பு மடிப்பு, கண்ணுக்குக் கீழே இருக்கும் பை, நெற்றிக் கோடு இவற்றை அழியுங்கள். பாதி முகம் சரியாகிவிடும். அடுத்து பற்கள். பல்லுக்குப் பல் கோடு போட்டால் பேய்ச் சிரிப்பு வரும். மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரே பிறை வடிவம், அவ்வளவுதான். அடுத்து மூக்கு. இரண்டு பக்கமும் கோடு இறக்காமல், நுனியில் மட்டும் ஒரு சின்ன வளைவு. இதற்குப் பிறகும் சரியில்லை என்றால் கண்ணைப் பாருங்கள். மேல் இமைக்கோடு தடிமனாக, கீழ் இமைக்குக் கோடே வேண்டாம், விழி ஒரு கறுப்பு வட்டம், அதில் ஒரு வெள்ளைப் புள்ளி.

தாளில் முகம் எவ்வளவு பெரிதாக வருகிறது என்பதையும் அளந்து பாருங்கள். நெற்றி முதல் தாடைவரை நாலு சென்டிமீட்டர் இருந்தால் மேலே சொன்ன அத்தனையும் போடலாம். மூன்றுக்குக் கீழே போனால் இமை, உதடு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு வளைவு என்று நிறுத்திவிடுங்கள். அல்லது படத்தை இடுப்போடு வெட்டி ஆட்களைப் பெரிதாக்குங்கள். காலும் செருப்பும் யாருக்கு வேண்டும்?

இவ்வளவு கழித்த பிறகு யார் யார் என்று எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி. பிள்ளைகள் மூக்கின் வடிவத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை. அப்பத்தாவுக்கு மூக்குத்தியும் கொண்டையும், அப்பாவுக்கு மீசை, தாத்தா இருந்தால் கண்ணாடியும் விபூதிப் பட்டையும், அம்மாவுக்குத் தலையில் மல்லிகைச் சரம், கைக்குழந்தைக்குக் கன்னத்தில் மை பொட்டு. மஹால் படத்தில் குழந்தையின் முகத்தில் கண், வாய் தவிர நான் போட்டது அந்தப் பொட்டு ஒன்றுதான். பையன் “பாப்பா!” என்று சரியாகக் கை வைத்தான். மல்லிகைக்கு ஒவ்வொரு மொட்டாக வரையாமல், சரம் முழுவதற்கும் நெளிநெளியாக ஒரே வெளிக்கோடு போதும். மீசையையும் முடியையும் கறுப்பாக அடைக்காமல் வெளிக்கோட்டோடு விடுங்கள். கறுப்புக் கலரை எடுத்து அதை அடைப்பது பிள்ளையின் உரிமை, பச்சை அடித்தாலும் சரி.

## கோளாறு 4: கோடு மெலிந்து அல்லது விட்டுவிட்டு வருகிறது

திரையிலேயே மெலிவாக இருந்தால்: Object > Fill and Stroke திறந்து Stroke style பக்கத்தில் Width-ஐ மில்லிமீட்டரில் கொடுங்கள். மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்கு ஆளின் வெளிக்கோடு 2 முதல் 3 மி.மீ., உள்ளே 1.5 மி.மீ. ஆறேழு வயதுக்கு எல்லாம் 1 மி.மீ. சுற்றி இருந்தால் போதும். Join, Cap இரண்டையும் உருண்டையாக வையுங்கள். இல்லாவிட்டால் தடிமன் கூடக்கூட முனைகள் ஊசியாக நீட்டிக்கொள்ளும். மார்க்கரால் வரைபவர்கள் வெளிக்கோட்டுக்குப் பட்டை முனை, உள்ளே சாதா ஸ்கெட்ச் பென் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாக வைத்தும், படத்தைச் சிறிதாக்கியவுடன் மெலிந்தால்: பலரைத் திணறடிப்பது இது. Inkscape-இல் வடிவத்தைச் சுருக்கினால் கோட்டின் தடிமனும் சேர்ந்து சுருங்கும்படி அமைப்பு இருக்கலாம். Edit > Preferences > Behavior > Transforms போய் Scale stroke width என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அல்லது எல்லா அளவும் முடிந்த பிறகு கடைசியில் தடிமன் கொடுங்கள்.

திரையில் தடிமன், தாளில் மெலிவு என்றால்: ஒரு தாளில் இரண்டு படம் அடித்தீர்களா என்று பாருங்கள். A4-க்குப் போட்டது A5 அளவுக்கு இறங்கும்போது 2 மி.மீ. கோடு 1.4 மி.மீ. ஆகிவிடும். அடுத்து பிரிண்டரில் டிராஃப்ட், மை சேமிப்பு எது வைத்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். அதற்கும் அடுத்துதான் டோனர். கோடு எல்லா இடத்திலும் ஒரே அளவு வெளிறாமல், மேலிருந்து கீழாக ஒரு பட்டை மட்டும் வெளிறினால் டோனர் தீரும் நேரம். கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் PDF ஆகக் கொடுங்கள். JPEG ஆக அனுப்பி, அது வாட்ஸ்ஆப்பில் சுருங்கி வந்தால் கறுப்புக் கோட்டின் ஓரத்தில் சாம்பல் தூசி விழும், எந்த மெஷினில் எடுத்தாலும் அது வரும்.

கோடு நன்றாக வந்து, கலர் அடிக்கும்போது கரைந்தால்: இங்க்ஜெட் மை அது. ஸ்கெட்ச் பென்னின் ஈரம் பட்டவுடன் கறுப்பு இழுபட்டு முகமெல்லாம் அழுக்காகும். ஒரு பிரிண்டை மட்டும் வீட்டில் எடுத்து, மிச்சத்தை ஜெராக்ஸில் அடியுங்கள். டோனர் தண்ணீருக்குக் கரையாது. கனமான தாளில் டோனர் செதிளாக உதிர்ந்தால், பிரிண்டரில் தாள் வகையைத் தடித்த தாள் என்று மாற்றச் சொல்லுங்கள். சூடு போதாமல் ஒட்டாமல் இருப்பதுதான் காரணம்.

## கோளாறு 5: பிள்ளை இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறது

இது கோளாறே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் தாளில்தான் தப்பு.

முதல் காரணம், கலர் அடிக்க வேண்டிய கட்டங்கள் சிறியவை. சின்னப் பிள்ளை கையில் இருப்பது மழுங்கிய கிரயான். உங்கள் சுண்டுவிரல் நுனியை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வைத்துப் பாருங்கள். நுழையாத கட்டத்தை ஒன்று பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள், இல்லை நீங்களே கறுப்பாக அடைத்துவிடுங்கள். வளையல்களுக்கு நடுவில், விரல்களுக்கு நடுவில், கையும் இடுப்பும் சேரும் முக்கோணத்தில் இப்படி நிறைய மாட்டும். விரல்களை நாலாகப் பிரிக்காமல் கட்டைவிரல் ஒன்று, மிச்சம் சேர்த்து ஒன்று என்று வைத்தாலே நிறையத் தீரும்.

இரண்டாவது, கோடு மூடவில்லை. சிக்குக் கோலத்தில் கம்பி ஓர் இடத்தில் விட்டுப்போனால் கண் தேடுகிற மாதிரி, அப்பா தோளின் கோடு எங்கோ நின்றுவிட்டால் எங்கே நிறுத்துவது என்று பிள்ளைக்குத் தெரியாது. இதைக் கண்ணால் தேட வேண்டாம். வரைந்ததை PNG ஆக ஏற்றுமதி செய்து GIMP-இல் திறந்து, Shift+B அழுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறத்தைக் கொட்டுங்கள். சேலைக்குக் கொட்டியது தூணுக்கும் பரவினால் இடையில் ஓட்டை இருக்கிறது. மஹால் படத்தில் அம்மாவின் முழங்கைக்குப் பின்னால் ஓர் ஓட்டை இருந்தது. திரையில் மயிரிழை அளவுகூடத் தெரியவில்லை, நிறம் கொட்டியபோது முற்றம் முழுக்கச் சிவந்தது.

மூன்றாவது, ஆளுக்குள் ஆள் புகுந்துவிடுவது. கறுத்த முடியும் கறுத்த முடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் குடும்பப் படங்களில் இது கட்டாயம் வரும். வரையும் வரிசையை மாற்றினால் தீரும். முன்னால் நிற்பவரை முழுதாக முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போங்கள். பின்னால் இருப்பவரின் கோடு முன்னவரின் வெளிக்கோட்டைத் தொட்டவுடன் நிற்க வேண்டும், உள்ளே போகக் கூடாது. நம் படத்தில் பையன், பிறகு கைக்குழந்தை, அம்மா, அப்பத்தா, அப்பா, கடைசியாகத் தூண். ஒவ்வொருவரின் வெளிக்கோடும் உள்கோட்டைவிடத் தடிமனாக இருந்தால் ஆட்கள் தானாகப் பிரிந்து நிற்பார்கள்.

தாளின் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டராவது விட்டு வையுங்கள். வீட்டு பிரிண்டர்கள் விளிம்புவரை அடிக்காது, அப்பாவின் தோள் வெட்டுப்பட்டு நிற்கும்.

## எப்போது ஓவியரிடமோ கடைக்கோ போவது

ஃபில்டர் தோற்று, கையால் ஓட்டியும் முகம் அமையவில்லை என்றால், முழுப் படத்தையும் கொடுக்காதீர்கள். உடை, தூண், கை கால் எல்லாம் நீங்கள் முடித்துவிட்டு முகங்களை மட்டும் வரையச் சொன்னால் கூலி குறையும், ஓவியருக்கும் வேலை சுலபம்.

தாத்தா காலத்து ஸ்டுடியோ படம், பூஞ்சை பிடித்து முகத்தில் வெடிப்பு விழுந்தது என்றால் நேராகக் கை தேர்ந்தவரிடம் போய்விடுங்கள். இல்லாத கண்ணை ஊகித்து வரைவது நம் வேலை இல்லை. அதைச் சட்டத்திலிருந்து நீங்களே பிரிக்கவும் வேண்டாம், கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கிழிந்து வரும். கண்ணாடியோடேயே, மினுக்கம் விழாமல் சற்றுச் சாய்த்து, கைப்பேசியில் படம் எடுத்துக் கொடுங்கள்.

கல்யாண வீட்டு குரூப் படம், பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் A4-இல் முகம் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. A3-க்குப் போக வேண்டும், அல்லது இரண்டு தாளாகப் பிரிக்க வேண்டும். அந்த அளவுக்குத் தடம் பிடிக்க ஒரு பகல் முழுதும் ஆகும், கோரல்டிரா தெரிந்த டிடிபி ஆளிடம் கொடுப்பது மேல். கொடுக்கும்போது எத்தனை வயதுப் பிள்ளைக்கு, தாள் என்ன அளவு, கோடு எத்தனை மில்லிமீட்டர், எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று நாலு வரி எழுதி, யார் யாருக்கு என்ன அடையாளம் வேண்டும் என்றும் சேர்த்துக் கொடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு முகத்தை மட்டும் வரைந்து காட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் PDF-உடன் மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள், அடுத்த விசேஷத்துக்கு ஒரு ஆளைச் சேர்க்க வேண்டி வரும்.